சளியில் கிருமி இல்லை என்றார்கள், பிறகு எதற்கு இன்னும் நான்கு மாதம்?

*"டாக்டர், எனக்கு வயது 34. நுரையீரல் டிபி என்று சொல்லி மருந்து ஆரம்பித்து இரண்டரை மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, காய்ச்சல் இல்லை, எடை ஐந்து கிலோ ஏறியிருக்கிறது. இரண்டாவது மாத முடிவில் சளியைப் பார்த்துவிட்டு கிருமி இல்லை என்றார்கள். நான்கு மருந்தை இரண்டாகவும் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் இன்னும் நான்கு மாதம் சாப்பிட வேண்டுமாம். என் அக்காவுக்கு சிறுநீர்த் தொற்று வந்தபோது ஐந்தே நாள் மாத்திரையில் சரியாகிவிட்டது. கிருமியே இல்லாதபோது எனக்கு மட்டும் எதற்கு ஆறு மாதம்? போன மாதம் வெளியூர் போனதில் ஐந்து நாள் மாத்திரை விட்டுப்போனது, ஒன்றும் ஆகவில்லை. நான்காவது மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?"*

நிறுத்தாதீர்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் "டாக்டர் சொன்னார், அதனால்" என்று நான்கு மாதம் மாத்திரை விழுங்குவது எளிதல்ல. அதுவும் உடம்பு நன்றாக இருக்கும்போது. அதனால் காரணத்தையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் உங்கள் சளிப் பரிசோதனையைப் பார்ப்போம். ஆய்வுக்கூடத்தில் உங்கள் சளியில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்குவார்கள். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்ற எல்லாவற்றிலிருந்தும் சாயம் போய்விடும், டிபி கிருமி மட்டும் சிவப்பை விடாது. அப்புறம் நீலச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைத்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அப்படித் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால், பரிசோதிப்பவர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் ஒன்றும் கண்ணில் படாமல் போகலாம். கல்ச்சர் வைத்தால், அதாவது சளியில் உள்ள கிருமியை ஊட்டம் கொடுத்து வளர்த்துப் பார்த்தால், மில்லிக்கு 10 முதல் 100 கிருமிகள் இருந்தாலே பிடித்துவிடலாம். அதுவும் சளியோடு வெளியே வந்த கிருமிகளுக்கு மட்டும்தான். மூச்சுக்குழாயோடு தொடர்பில்லாமல் நுரையீரலுக்குள் மூடிக்கிடக்கும் புண்ணில் என்ன இருக்கிறது என்று எந்தச் சளியும் சொல்லாது.

ஆகவே உங்களிடம் கிருமி மிகவும் குறைந்துவிட்டது என்பது உண்மை. மற்றவர்களுக்குப் பரவும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதும் உண்மை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். மிச்சம் எதுவும் இல்லை என்று மட்டும் அதிலிருந்து சொல்ல முடியாது.

இனி உங்கள் அக்காவின் கதை. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது இ. கோலை என்ற பாக்டீரியா. நல்ல ஊட்டமும் சூடும் கிடைத்தால் அது 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். டிபி கிருமி இரண்டாக 18 முதல் 24 மணி நேரம் ஆகும். கணக்குக்கு 20 மணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிருமி 30 தடவை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டிவிடும். இ. கோலை அந்த எண்ணிக்கையை 10 மணி நேரத்தில் எட்டும். டிபி கிருமிக்கு 25 நாள் வேண்டும். கல்ச்சர் முடிவு வர வாரக்கணக்கில் ஆவதும் இதனால்தான். திரவ ஊடகத்தில் வைத்தால் வளர்ச்சி இல்லை என்று சொல்வதற்கு முன் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், திட ஊடகத்தில் எட்டு வாரம். 1882-ல் ராபர்ட் கோக் இந்தக் கிருமியை முதன்முதலாக வளர்த்துக் காட்டியபோதும் இதே கதைதான். மற்ற பாக்டீரியாக்கள் ஓரிரு நாளில் கண்ணுக்குத் தெரியும் திட்டாகிவிடும். அவருடைய குழாய்களில் இரண்டாவது வாரத்தில்தான் ஏதோ துளிர்த்தது. மூன்றாம் நாளே குழாயைக் கழுவி வைக்கிறவராக இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

இவ்வளவு மெதுவாக வளரக் காரணம் என்ன? வழக்கமாகச் சொல்வது அதன் சுவர். அதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கிருமியைச் சுற்றி மெழுகு போன்ற தடித்த உறை ஒன்று உண்டு. மைகோலிக் அமிலம் என்ற மிக நீளமான கொழுப்பால் ஆனது. நம் உடம்பில் இருக்கும் சாதாரணக் கொழுப்பு அமிலத்தில் 16, 18 கார்பன் அணுக்கள் வரிசையாக இருக்கும். மைகோலிக் அமிலத்தில் 60 முதல் 90 வரை. அமிலத்தால் கழுவியும் சிவப்புச் சாயம் போகாததற்கு இந்த உறைதான் காரணம். இதைத் தயாரிக்கவே கிருமி தன் சக்தியில் பெரும்பங்கைச் செலவழிக்கிறது. உறையைத் தாண்டி உணவு உள்ளே போவதும் மெதுவாகத்தான் நடக்கிறது.

ஆனால் சுவரை மட்டும் காட்டி முடித்துவிடுவது எனக்கு ஒப்புதலில்லை. இதே இனத்தைச் சேர்ந்த மண்ணில் வாழும் ஒரு கிருமி உண்டு, மைகோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ். அதற்கும் இதே போன்ற மெழுகுச் சுவர்தான். அது மூன்று மணி நேரத்தில் இரண்டாகிவிடுகிறது. ஆகவே டிபி கிருமியின் வேகம் இன்னும் உள்ளேயே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களுக்குத் தேவையான ஆர்என்ஏவை எழுதும் மரபணுத் தொகுப்பு இ. கோலையில் ஏழு பிரதிகள் இருக்கின்றன. ஸ்மெக்மாட்டிஸில் இரண்டு. டிபி கிருமியில் ஒன்றே ஒன்று. டிஎன்ஏவைப் படியெடுப்பதும் அப்படித்தான். இரண்டு கிருமிகளின் டிஎன்ஏவும் நீளத்தில் கிட்டத்தட்ட சமம், டிபி கிருமிக்கு 44 லட்சம் எழுத்துகள், இ. கோலைக்கு 46 லட்சம். இ. கோலை அதை 40 நிமிடத்தில் படியெடுத்துவிடும், டிபி கிருமிக்குச் சுமார் 10 மணி நேரம் ஆகும். நல்ல ஊட்டத்தைத் தாராளமாகக் கொடுத்தாலும் அது வேகமெடுப்பதில்லை. பட்டினியால் வந்த மந்தம் இல்லை இது, பிறவிக் குணம்.

அந்தக் குணம் அதன் பிழைப்புக்கும் தோதாகவே இருக்கிறது. கிருமிகளை விழுங்கிச் செரிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் என்ற நம் பாதுகாப்பு அணுவுக்குள்ளேயே அது குடியிருக்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைந்தாலும், அமிலம் கூடினாலும், உணவுக்குத் தட்டுப்பாடு வந்தாலும் வளர்ச்சியை இன்னும் குறைத்து, தேவைப்பட்டால் அறவே நிறுத்தி, வருடக்கணக்கில் காத்திருக்க அதனால் முடியும். இளம் வயதில் தொற்றி, முதுமையில் நோயாக வெளிப்படுவதெல்லாம் இதனால் நடப்பதே.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். "மெதுவாக வளர்கிறது, அதனால் மெதுவாகச் சாகிறது" என்று பலரும் விளக்குவார்கள், மருத்துவர்கள் உட்பட. அது பாதி உண்மை. மெதுவாக, ஆனால் ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கும் டிபி கிருமியை நம் மருந்துகள் விரைவாகவே கொல்கின்றன. நீங்கள் சாப்பிடும் ஐசோனியசிட் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளில் சளியில் இருக்கும் கிருமிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிடுகின்றன. மூன்றாம் நாளிலிருந்து அந்த வேகம் சட்டென்று குறைகிறது. மிச்சம் இருப்பவை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத்தான் தேய்கின்றன. மாதக்கணக்கில் நீங்கள் மாத்திரை சாப்பிடுவது இந்த மிச்சத்துக்காக.

மிச்சத்தில் மட்டும் என்ன விசேஷம்? ஐசோனியசிட் செய்கிற வேலை, மைகோலிக் அமிலத் தயாரிப்பைத் தடுப்பது. வளர்கிற கிருமி புதுச் சுவர் கட்டியாக வேண்டும், பொருள் வராததால் சுவர் ஓட்டையாகிச் செத்துப்போகும். கட்டடம் எழும்பும் இடத்தில் சிமெண்டை நிறுத்தினால் வேலை நின்றுபோகும், கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கும் வீட்டை அது என்ன செய்யும்? வளர்ச்சியை நிறுத்திவிட்ட கிருமிக்கும் ஐசோனியசிட்டுக்கும் உள்ள உறவு அப்படித்தான். கிருமியிடம் மருந்தை எதிர்க்கும் மரபணு எதுவும் இல்லை. மருந்துக்கு அடிக்க இடம் கொடுக்காமல் சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான். மறுபடி வளரத் தொடங்கினால் அதே மருந்துக்கு ஒழுங்காகச் சாகும்.

அப்படிச் சும்மா கிடப்பவை எங்கே இருக்கின்றன என்பதையும் பார்க்கலாம். டிபியால் நுரையீரலில் உண்டாகும் புண்ணின் நடுப்பகுதி, செத்த அணுக்கள் கூழாகி, பாலாடைக்கட்டி போல வெளிறிப் பிசுபிசுவென்று இருக்கும். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜன் வராது, வளர வழியில்லாமல் கிருமிகள் அடங்கிக் கிடக்கும். ரத்தத்தில் வரும் மருந்தும் ஓரத்திலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். சில மருந்துகள் அப்படி ஊறுவதில் மோசம். ரிஃபாம்பிசின் நாள் செல்லச் செல்ல அந்தக் கூழில் சேர்ந்துகொண்டே போகிறது, அது நம் அதிர்ஷ்டம். இன்னொரு கூட்டம் மேக்ரோஃபேஜுக்குள், அமிலச் சூழலில் முடங்கிக் கிடக்கும். இவை போக, இந்த இனக் கிருமிகள் பிரியும்போது சமமாகப் பிரிவதில்லை என்பதையும் கண்டிருக்கிறார்கள். ஒரு சேய் நீளம், இன்னொன்று குட்டை, இரண்டின் வளர்ச்சி வேகமும் வேறு, மருந்தைத் தாங்கும் அளவும் வேறு. ஆக, ஒரே தாயிலிருந்து வந்த கிருமிகளே எந்த ஒரு நாளிலும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

நான்கு மருந்து கொடுத்ததன் காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். வேகமாக வளர்பவற்றை ஐசோனியசிட் பார்த்துக்கொள்கிறது. அமிலத்தில் முடங்கியவற்றைத் தாக்குவதில் பைரசினமைடு கெட்டிக்காரன், மற்ற மருந்துகள் தடுமாறும் அமிலச் சூழலில்தான் அது நன்றாக வேலை செய்யும். பெரும்பாலும் தூங்கிவிட்டு அவ்வப்போது சிறிது நேரம் மட்டும் விழிக்கும் கிருமிகளுக்கு ரிஃபாம்பிசின். விழித்த கிருமி முதலில் செய்வது தன் மரபணுக்களிலிருந்து ஆர்என்ஏ எழுதுவது. ரிஃபாம்பிசின் அதையே தடுக்கிறது. ஆனால் அந்தச் சிறிது நேரம் எந்த நாளில் வரும் என்று தெரியாது. கிருமி விழிக்கும் நாளில் மருந்து ரத்தத்தில் இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் தினமும், அதற்காகத்தான் இத்தனை மாதம்.

நான்காவதான எத்தாம்பியூட்டால் முக்கியமாகக் காவலுக்கு. ஒரு கணக்கைப் பாருங்கள். நுரையீரலில் குழி விழுந்திருந்தால் அதில் 10 கோடி கிருமிகள் இருப்பது சாதாரணம். பத்து லட்சத்தில் ஒரு கிருமி தற்செயலான மரபணு மாற்றத்தால், மருந்தையே பார்க்காமல், ஐசோனியசிட்டுக்கு அடங்காததாகப் பிறக்கிறது. அப்படியானால் 100 கிருமிகள் மருந்து தொடங்கும் முன்பே தயாராக இருக்கின்றன. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே கிருமி அடங்காமல் பிறக்க வேண்டுமானால் 1-க்குப் பின்னால் 14 சுழி போட்ட எண்ணிக்கையில் கிருமிகள் வேண்டும். அவ்வளவு கிருமி ஒரு உடம்பில் இருக்காது. ஆகவே ஒரே மருந்து கொடுத்தால் அந்த நூறு பேர் மட்டும் பிழைத்துப் பெருகுவார்கள், சேர்த்துக் கொடுத்தால் ஒன்றிடம் தப்பியது இன்னொன்றிடம் மாட்டும்.

ஏட்டுக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1947-ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கையில் ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து வாங்கியவர்களில் 4 பேரும், மற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். அற்புத மருந்து என்றுதானே தோன்றும்? ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது முறையே 32, 35 பேர் இறந்திருந்தார்கள். முதலில் கிடைத்த நன்மையில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. மருந்து வாங்கியவர்களில் பெரும்பாலோரிடம் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் சில மாதத்திலேயே தலைதூக்கிவிட்டன.

உங்களுக்கு இரண்டாவது மாதத்தோடு மருந்தைக் குறைத்ததும் இதே கணக்கின்படிதான். கோடிகள் ஆயிரங்களாகிவிட்ட பிறகு, அடங்காத கிருமி தற்செயலாக அதில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு மருந்தே போதும். ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமி அதிகம் உலவும் இடங்களில் மூன்றாவதாக எத்தாம்பியூட்டாலையும் தொடரச் சொல்வார்கள்.

சரி, மிச்சத்தை அழிக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஏன் சரியாக ஆறு மாதம், நான்கு போதாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இதற்கு விடை நுண்ணோக்கியில் கிடைக்கவில்லை, நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்துத்தான் கிடைத்தது. 1950, 60களில் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று மருந்து கொடுத்தார்கள். ரிஃபாம்பிசின் வந்தபோது ஒன்பது மாதமாகவும், பைரசினமைடும் சேர்ந்தபோது ஆறு மாதமாகவும் குறைக்க முடிந்தது. அப்புறம் இன்னும் குறைக்கப் பல தடவை முயன்றிருக்கிறார்கள். அதில் ஒன்று கிட்டத்தட்ட உங்கள் கேள்வியையே பரிசோதித்தது.

2009-ல் அதன் முடிவு வெளியானது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் சுலபமான நோயாளிகள். நுரையீரலில் குழி இல்லை, இரண்டாவது மாத முடிவில் கல்ச்சரிலேயே கிருமி வளரவில்லை. வெறும் நுண்ணோக்கிப் பரிசோதனை இல்லை, கல்ச்சர் என்பதைக் கவனியுங்கள். அவர்களில் ஒரு பாதிப்பேருக்கு நான்காவது மாதத்தோடு மருந்தை நிறுத்தினார்கள், மறுபாதிக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் நோய் திரும்பியது 1.6 சதவீதம். நான்கு மாதத்தில் நிறுத்தியவர்களில் 7 சதவீதம். கண்காணிப்புக் குழு புதிதாக ஆள் சேர்ப்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டது.

இந்த எண்ணை நேர்மையாகவே படிக்க வேண்டும். நான்கு மாதத்தில் நிறுத்திய நூறு பேரில் 93 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்களும் அந்த 93-ல் ஒருவராக இருக்கலாம். ஆனால் நீங்கள் 93-லா, ஏழிலா என்று நிறுத்துவதற்கு முன்பே சொல்லக்கூடிய பரிசோதனை இன்றுவரை கிடையாது. எக்ஸ்ரே சொல்லாது, அதில் தெரியும் தழும்பு கிருமி செத்த பிறகும் இருக்கும். கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனையும் உதவாது, செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது காட்டிவிடும். அந்த ஏழு பேரில் பெரும்பாலோரைக் காப்பாற்ற நூறு பேரும் கூடுதலாக இரண்டு மாதம் சாப்பிடுகிறார்கள். நியாயமில்லாத ஏற்பாடு என்று சிலர் சொல்வதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் இன்றைக்கு வேறு வழி இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2014-ல் மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைச் சேர்த்து நான்கு மாதத்தில் முடிக்க முயன்ற ஒரு ஆய்வு வெளியானது. புதிய முறையில் சளியிலிருந்து கிருமி வழக்கத்தைவிடச் சீக்கிரமே மறைந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு ஆறு மாதக்காரர்களைவிட அதிகம் பேருக்கு நோய் திரும்பியது. சளி எவ்வளவு சீக்கிரம் சுத்தமாகிறது என்பதை வைத்து எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2021-ல் ரிஃபாபென்டின், மாக்சிஃப்ளாக்சசின் இரண்டையும் சேர்த்த வேறொரு நான்கு மாத முறை, ஆறு மாதத்துக்கு ஈடாக நின்றது. உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அது முதல் நாளிலிருந்தே வேறு மருந்துகள். நீங்கள் சாப்பிடும் மருந்துகளை வைத்து நான்கு மாதத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

அடுத்து அந்த ஐந்து நாள். ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். ஆகியிருக்காது, ஆகியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இங்கே கிருமியின் மந்தம் நமக்கே சாதகமாக வேலை செய்கிறது. ஒரு நாளுக்கு ஒரு முறைதான் இரட்டிக்கும் என்பதோடு, மருந்து பட்ட கிருமி மருந்து போன பிறகும் சில நாள் மறுபடி வளரத் தொடங்காமல் தயங்கி நிற்கும். அக்கா ஒரு நாளில் பல வேளை மாத்திரை போட்டிருக்கக் கூடும், நீங்கள் ஒரே வேளையில் முடிக்க முடிவதும் இதனால்தான். ஒரு தடவை ஐந்து நாள் விட்டதால் சிகிச்சை வீணாகிவிடாது. விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும், அவ்வளவே. ஆனால் மருந்து கொடுப்பவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள், அட்டையில் ஏறட்டும். ஈடுகட்டுகிறேன் என்று ஒரே நாளில் இரட்டை மாத்திரை மட்டும் போடாதீர்கள், கல்லீரல் தாங்காது. இடைவெளி இரண்டு வாரத்தைத் தொட்டால் கதை வேறு. மறுபடி சளி பார்த்து, எங்கிருந்து தொடர்வது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், சிலருக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும்படி ஆகும்.

நிறுத்திவிட்டு நன்றாக இருப்பவர்களைக் காட்டி யாராவது உங்களுக்கு யோசனை சொன்னால், நிறுத்தி எத்தனை மாதம் ஆகிறது என்று கேளுங்கள். மிச்சம் 100 கிருமி என்று வைத்தால், அது மறுபடி 10 கோடியாக 20 இரட்டிப்பு போதும். தடையில்லாமல் வளர்ந்தால் மூன்று வாரத்துக்குள் வந்துவிடலாம். உடம்பில் அப்படி நடப்பதில்லை. கிருமி தூக்கம் கலைய வேண்டும், நம் எதிர்ப்புச் சக்தியும் அமுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் நோய் திரும்புவது பெரும்பாலும் நிறுத்திய ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள். இரண்டு மாதம் நன்றாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அப்படித் திரும்பினால் ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து. முன்பு மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டவராக இருந்தால், கிருமி மருந்துக்கு அடங்குகிறதா என்பதையே முதலில் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

ஆறு மாதம் என்பது உங்களைப் போல நுரையீரல் டிபி, மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால்தான். மூளை உறையிலோ முதுகெலும்பிலோ இருந்தால் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று நீளும்.

கடைசியாக, இந்த நான்கு மாதத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினின் சாயம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கண் வெள்ளை மஞ்சளானால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டி வாந்தி வந்தால், அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களாக நிறுத்தலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான். கால் பாதம் எரிந்தாலோ மரத்தாலோ ஐசோனியசிட் காரணமாக இருக்கலாம், பி6 வைட்டமின் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும், மருந்தை நிறுத்தத் தேவையில்லை. மற்ற மாத்திரை எதைப் போடுவதானாலும், குறிப்பாகக் கருத்தடை மாத்திரையானால், முதலில் கேட்டுவிடுங்கள். ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும்.

ஐந்து கிலோ ஏறியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மருந்தின் அளவு எடைக்குத் தக்கபடி நிர்ணயிப்பது. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது எடை பார்க்கச் சொல்லி, இப்போது சாப்பிடும் எண்ணிக்கை போதுமா, ஒன்று கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டாவது மாதச் சளியில் கல்ச்சரும் வைத்தார்களா, முடிவு வந்ததா என்பதையும் அப்படியே விசாரித்துவிடுங்கள்.